கோட்டேஷனில் 6%, இன்வாய்ஸில் 9%: கரன்சி சர்சார்ஜ் 96 டாலர் கூடியது எப்படி?

சரக்குவாசல்:
40 அடி கன்டெய்னர் ஒன்றில் 1,200 மடக்கு நாற்காலி இறக்கினேன். சரக்கின் விலை 10,800 டாலர். கப்பலில் இடம் பிடித்துக் கொடுக்கும் ஃபார்வர்டர் தந்த கோட்டேஷனில் கடல் ஃப்ரெய்ட் 2,000, பங்கர் என்ற எரிபொருள் கட்டணம் 400, அதற்குக் கீழே "கரன்சி சர்சார்ஜ் 6%, ஏற்றும் நேரத்தில் நடப்பில் உள்ளபடி" என்று இருந்தது. நான் 2,000-க்கு 6% என்று 120 போட்டு, மொத்தம் 2,520 என்று வைத்துக்கொண்டேன். இன்னொருவர் எல்லாம் சேர்த்து 2,600 கேட்டார், கூடுதலாக இருக்கிறதே என்று அவரை விட்டுவிட்டேன். இப்போது வந்த இன்வாய்ஸில் கரன்சி சர்சார்ஜ் மட்டும் 216. மொத்தம் 2,616. கேட்டால் "ஷிப்பிங் லைன் போட்டது சார், எங்கள் கையில் இல்லை" என்கிறார்கள். அந்த மாதம் எங்கள் பணத்துக்கும் டாலருக்கும் இடையில் ரேட் நகரவே இல்லை. பிறகு எதற்கு கரன்சி பெயரில் ஏற்றம்?

பழையதுறை:
இதில் குழம்ப ஒன்றுமில்லை. சிஏஎஃப் என்கிற இந்தக் கரன்சி சர்சார்ஜ் எல்லா லைனுக்கும் ஒரே சதவீதம், மாதாமாதம் அறிவிப்பார்கள். டாலர் விழுந்தால் ஏறும், டாலர் ஏறினால் இறங்கும். அந்த மாதத்து அறிவிப்பை வேறு எந்த லைனிடமாவது கேட்டுப் பாருங்கள். 9 இல்லை என்றால் ஃபார்வர்டர் நடுவில் போட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

கணக்குமேசை:
பழையதுறை சார் சொல்வது கான்ஃபரன்ஸ் காலத்துக் கதை. லைன்கள் ஒன்றாக உட்கார்ந்து ஒரே சதவீதம் அறிவித்தது உண்மைதான். ஐரோப்பிய வழித்தடங்களில் 2008 அக்டோபரோடு அதற்கு இருந்த சட்ட விலக்கு போய்விட்டது. இப்போது ஒரே வழித்தடத்தில் ஒரு லைன் 9 போடும், இன்னொன்று அதை ஃப்ரெய்ட்டுக்குள்ளேயே கரைத்துவிட்டு தனியாக எதுவும் காட்டாது. அதனால் வேறு லைனின் சதவீதத்தை வைத்து இவர் ஃபார்வர்டரைப் பிடிக்க முடியாது.

சரக்குவாசல், உங்கள் பணம் நகர்ந்ததா என்பது இங்கே முக்கியமில்லை. லைன் ஃப்ரெய்ட்டை டாலரில் வாங்குகிறது, ஆனால் துறைமுகக் கட்டணம், ஏஜென்ட், உள்நாட்டுப் போக்குவரத்து என்று பல செலவுகளை அந்தந்த ஊர்ப் பணத்தில் கொடுக்கிறது. அந்தப் பணங்களுக்கு எதிராக டாலர் இறங்கினால் லைனுக்குக் கை கடிக்கும், அதைத்தான் இப்படி வசூலிக்கிறார்கள். உங்கள் பணம் அசையாமல் நிற்கும்போதே அந்தப் பக்கத்துப் பணம் ஏறியிருக்கலாம்.

இனி அந்த 96-ஐப் பிரித்துப் பாருங்கள், அதில் இரண்டு தனித்தனி விஷயம் இருக்கிறது.

```
2000 x 6% = 120
2000 x 9% = 180   (+60)
2400 x 9% = 216   (+36)
```

முதல் 60 டாலர், சதவீதம் ஏறியதால் வந்தது. அடுத்த 36 டாலர், சதவீதத்தால் வந்ததே இல்லை, பங்கரையும் சேர்த்து அதன் மேல் சர்சார்ஜ் போட்டதால் வந்தது. முதலாவதுக்கு நீங்கள் கோட்டேஷனிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள், "ஏற்றும் நேரத்தில் நடப்பில் உள்ளபடி" என்றால் அதுதான் அர்த்தம். இரண்டாவதை நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கோட்டேஷனில் 6% எதன் மேல் என்று எழுதியிருக்கிறது?

பெட்டிபாதி:
எனக்கும் இதே கதைதான்! எனக்கு முழு கன்டெய்னர் கிடையாது, பாதிச் சரக்கு, மற்றவர்களோடு சேர்த்துத்தான் வரும். ரேட்டெல்லாம் சரியாக இருந்தது. ஆனால் ஃபார்வர்டர் டாலர் பில்லை எங்கள் பணத்துக்கு மாற்றும்போது பாங்க் ரேட்டை விட 3% மேலே போட்டிருந்தார். கரன்சி சர்சார்ஜ் என்றால் இதுதானே?

கணக்குமேசை:
அது வேறு, லைனுக்கு அதில் ஒரு காசும் போகாது. ஃபார்வர்டரே வைத்துக்கொள்ளும் மாற்று விகித மார்ஜின் அது. ஆனால் நல்ல நேரத்தில் கேட்டீர்கள். சரக்குவாசல் பில்லிலும் அப்படி 3% இருந்தால் 2,616-க்கு 78 டாலர் ஆகிறது, நாம் சண்டை போடும் 36-ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மாற்றிய ரேட்டையும் அந்தத் தேதியின் பாங்க் விற்பனை ரேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பலர் சர்சார்ஜ் வரியைப் பார்த்துக் கொதிப்பார்கள், இந்த வரியைக் கவனிக்காமலே விட்டுவிடுவார்கள்.

சரக்குவாசல்:
பார்த்தேன். மாற்று ரேட்டில் பெரிய வித்தியாசமில்லை, அரை சதவீதத்துக்கும் குறைவு. கோட்டேஷனில் "6% ஆன் பேஸ் ஃப்ரெய்ட்" என்றே இருக்கிறது, பங்கர் தனி வரி. தேதிதான் எரிச்சல். கோட்டேஷன் 24-ம் தேதி, 28-ம் தேதி கிளம்ப வேண்டிய கப்பலில் இடமில்லை என்று பெட்டியை அடுத்த கப்பலுக்குத் தள்ளிவிட்டார்கள். பில் ஆஃப் லேடிங்கில் கப்பலில் ஏற்றிய தேதி அடுத்த மாதம் 2. பெட்டி யார்டுக்குப் போனதென்னவோ 25-ம் தேதியே.

கணக்குமேசை:
அப்படியென்றால் 36 உங்கள் பக்கம். அந்த "பேஸ் ஃப்ரெய்ட்" என்ற சொல்லை அப்படியே மெயிலில் எடுத்துப் போட்டு கிரெடிட் நோட் கேளுங்கள். லைன் பங்கருக்கும் சேர்த்து சர்சார்ஜ் போட்டிருந்தால் அது ஃபார்வர்டருக்கும் லைனுக்கும் இடையில் உள்ள பிரச்சினை.

60 விஷயம் சிக்கல். எந்தத் தேதியின் சதவீதம் என்பது லைனின் டாரிஃப் விதியைப் பொறுத்தது. சில இடங்களில் சரக்கை லைன் கையில் வாங்கிய தேதி, சில இடங்களில் கப்பலில் ஏற்றிய தேதி. முதல் வகை என்றால் உங்களுக்கு 25-ம் தேதி, 6%தான். அந்த விதிப் பக்கத்தை ஃபார்வர்டரிடம் கேளுங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

பழையதுறை:
சரி, சதவீதம் லைனுக்கு லைன் மாறும் என்பதை ஏற்கிறேன். ஆனால் 96 டாலருக்கு இவ்வளவு கடிதப் போக்குவரத்தா? 10,800 டாலர் சரக்கில் இது எந்த மூலைக்கு?

கணக்குமேசை:
சரக்கைப் பொறுத்தது சார். இதே 216-ஐ 60,000 டாலர் மெஷின் பாகம் உள்ள பெட்டியில் போட்டால் 0.36%, யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இவருக்கு அது 2%. இடம் அடைக்கிற, விலை குறைந்த சரக்குக்குத்தான் ஃப்ரெய்ட் மேலான சதவீதங்கள் வலிக்கும். ஒரு நாற்காலிக்கு 10 சென்ட் என்று நினைத்தது 18 சென்ட் ஆகிவிட்டது. ஃப்ரெய்ட்டையும் சேர்த்து சுங்க மதிப்பு போடும் நாடாக இருந்தால் அந்த 18 சென்ட்டுக்கும் வரி உண்டு, 10% வரி என்றால் மொத்தம் ஏறக்குறைய 20 சென்ட். அமெரிக்கா மாதிரி சர்வதேச ஃப்ரெய்ட்டை மதிப்பில் சேர்க்காத இடத்தில் இது வராது. விற்பனை விலையை முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தால் இதெல்லாம் நேராக லாபத்திலிருந்துதான் போகும்.

பெட்டிபாதி:
அப்போ எல்லாம் சேர்த்து 2,600 கேட்டவரிடமே போயிருக்கலாமா?

கணக்குமேசை:
அவருடைய 2,600 எந்தத் தேதி வரை செல்லும், பெட்டி அடுத்த கப்பலுக்குத் தள்ளப்பட்டாலும் அதே விலைதானா என்று எழுத்தில் வாங்கியிருந்தால், ஆம். "எல்லாம் சேர்த்து" என்று மேலே போட்டு, கீழே சின்ன எழுத்தில் சர்சார்ஜ் மாற்றத்துக்கு உட்பட்டது என்று எழுதுபவர்களும் உண்டு.

சரக்குவாசல்:
மெயில் போட்டேன். 36-க்கு கிரெடிட் நோட் தருகிறார்களாம். 60-க்கு "கப்பலில் ஏற்றிய தேதிதான் கணக்கு" என்று ஒரு வரி பதில், விதிப் பக்கம் அனுப்பவில்லை. மறுபடி கேட்டிருக்கிறேன். இடமில்லை என்று லைனே பெட்டியைத் தள்ளியதற்கு சர்சார்ஜ் வித்தியாசத்தை யாராவது திரும்ப வாங்கியிருக்கிறீர்களா?

பழையதுறை:
மாதாமாதம் சரக்கு கொடுப்பவர் என்றால் அடுத்த புக்கிங்கில் கழித்துத் தருவார்கள். ஒரே ஒரு பெட்டிக்கு எனக்குத் தெரிந்து யாரும் தந்ததில்லை.