புதுப்பிப்பு: கூட்டமா ரிப்போர்ட் அடிச்சும் அக்கவுண்ட் போகல

"குரூப்ல லிங்க் போட்டு எல்லாரும் ரிப்போர்ட் அடிக்கிறாங்க, என் சமையல் சேனல் போயிடுமா?"

இப்படி முன்னாடி இங்க கேட்டிருந்தேன். சேனல் போகல. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

மாடரேஷன் வேலை பார்த்த அண்ணன் சொன்னதுதான் நடந்துச்சு, ஒரே வீடியோ மேல எத்தனை ரிப்போர்ட் வந்தாலும் அது ரூலை மீறுதான்னுதான் பார்ப்பாங்களாம், மீறலன்னு வந்துடுச்சு. "நூறு தாண்டினா தானா தூக்கிடும்"னு சொன்ன தம்பி பாதி சரி, நடுவுல ஒரு வீடியோவை மெஷின் மறைச்சுது, அப்பீல் போட்டதும் ஆள் பார்த்து திரும்ப விட்டாங்க. பாஸ்வேர்ட் போன கதை சொன்ன அக்கா, அது ஹேக்கிங், வேற கேஸ்.

எதிர்பாக்காதது: ஒரே ஒரு காப்பிரைட் புகார்ல இன்னொரு வீடியோ போச்சு. அதுல எண்ணிக்கையே தேவையில்ல, அமெரிக்க டிஎம்சிஏ சட்டப்படி நோட்டீஸ் வந்தா எடுத்துடறாங்க. அந்தப் புகார் தப்புன்னு கவுண்டர் நோட்டீஸ் கொடுத்திருக்கேன், புகார் கொடுத்தவங்க கோர்ட்டுக்குப் போகலன்னா 10லேருந்து 14 வேலை நாளுக்குள்ள திரும்ப வரணும். இன்னும் வரல.