அல்புமினுக்கு 13,400 வருகிறது: பை ஓட்டையா, முறையே தப்பா?

காவேரிக்கரை:
மாட்டு சீரம் அல்புமினை 2 மில்லிமோலார் சோடியம் குளோரைடில் கரைத்து, pH 7-க்குக் கொண்டுவந்து, 25 டிகிரியில் சவ்வூடு பரவல் அழுத்தம் அளந்தேன். சவ்வுப் பைக்கு வெளியேயும் அதே உப்புநீர்தான். லிட்டருக்கு 10 கிராம் கரைசலில் மட்டம் 18.9 செ.மீ. ஏறி நின்றது, 5 கிராமில் 5.9 செ.மீ. M = cRT/π போட்டால் மூலக்கூறு எடை முதலாவதற்கு 13,400, இரண்டாவதற்கு 21,500. வரவேண்டியது 66,500. பை ஓட்டையா?

நேர்கோடு:
ஒரே செறிவில் கணக்குப் போட்டது தப்பு. π/c-ஐ c-க்கு எதிராக வரைந்து, கோட்டைச் சுழி செறிவு வரை நீட்டுங்கள். உங்கள் இரண்டு புள்ளிகளை வைத்தே போட்டுப் பார்த்தேன், 54,000 வருகிறது. இன்னும் இரண்டு செறிவு எடுத்தால் சரியாகிவிடும்.

ஜெல்காரன்:
எதற்கு இந்தப் பாடு? ஜெல்லில் ஓட்டினால் மாலைக்குள் விடை. நிறைமாலைமானி இருந்தால் இன்னும் துல்லியம். செ.மீ. அளந்து மூலக்கூறு எடை பார்க்கும் காலம் போய்விட்டது.

ரத்தப்பரிசோதனை:
எங்கள் மருத்துவமனை ஆய்வகத்தில் ஆஸ்மோமீட்டர் இருக்கிறது. ஒரு சொட்டு வைத்தால் இரண்டு நிமிடத்தில் எண் வரும். நோயாளியின் சீரத்துக்கு 290 பக்கம் காட்டும். அதில் வைத்துப் பார்க்கலாமே?

பழைய கண்ணாடிக்குழாய்:
@ரத்தப்பரிசோதனை, அது உறைநிலைத் தாழ்வை அளக்கும் கருவி. இவர் கரைசலில் உப்பின் பங்கு 4 மில்லிஆஸ்மோல், அல்புமினின் பங்கு 0.15 மட்டும். உங்கள் கருவி உப்பைத்தான் காட்டும். சவ்வின் அருமையே அங்குதான்: உப்பு இரண்டு பக்கமும் போய்வரும், புரதம் மட்டும் மாட்டிக்கொள்ளும்.

காவேரிக்கரை, பை ஓட்டை என்றால் புரதம் கசிந்து மட்டம் இறங்கியிருக்கும். உங்களுக்கு 3.8 செ.மீ. வரவேண்டிய இடத்தில் ஐந்து மடங்கு ஏறியிருக்கிறது. இது மின்சுமை செய்யும் வேலை, டோனன் விளைவு. pH 7-இல் ஒவ்வொரு அல்புமினும் சுமார் 15 எதிர்மின்சுமை சுமக்கிறது. அதை ஈடுகட்டும் சோடியம் சவ்வைத் தாண்ட முடிந்தாலும் புரதத்தை விட்டுப் போக முடியாது. குளோரைடு கொஞ்சம் வெளியேறும், அதனால் 15-உம் கணக்கில் சேராது. உங்கள் 10 கிராம் கரைசலுக்குப் போட்டுப் பார்த்தேன்: புரதம் ஒன்றுக்கு உள்ளே மிஞ்சுவது கிட்டத்தட்ட 4 அயனி. புரதத்தையும் சேர்த்தால் 5 துகள். 66,500-ஐ 5-ஆல் வகுங்கள், உங்கள் எண் வந்துவிடும். 5 கிராமில் மிஞ்சுவது 2 அயனி, ஆக 3 துகள்.

கோடு நீட்டுவது நல்ல வழக்கம்தான். ஆனால் இங்கே அது கோடே இல்லை, வளைவு. இரண்டு புள்ளியில் கிடைத்த 54,000 தற்செயல். புள்ளிகளை மாற்றினால் வேறொன்று வரும். உப்பை 0.1 மோலாராக்கி, பையை அதே கரைசலில் நன்றாக டயாலிசிஸ் செய்துவிட்டு அளங்கள். 10 கிராமில் பிழை 8 சதவீதத்துக்கு இறங்கிவிடும், அப்போது கோடு நீட்டினால் பலன் உண்டு. தொடங்குமுன் இரண்டு பக்கமும் வெறும் உப்புநீர் ஊற்றி மட்டம் சமமாக நிற்கிறதா என்றும் பாருங்கள்.

@ஜெல்காரன், ஹீமோகுளோபினை எஸ்.டி.எஸ். ஜெல்லில் ஓட்டினால் 16,000 பக்கம்தான் பட்டை தெரியும், சங்கிலிகள் பிரிந்துவிடுவதால். இரும்பின் அளவை வைத்துப் போட்ட கணக்கும் 16,700 தான். நான்கு இரும்பு சேர்ந்த ஒரே மூலக்கூறு, எடை 67,000 பக்கம் என்று 1925-இல் கேம்பிரிட்ஜில் அடேர் காட்டியது இதே சவ்வை வைத்துத்தான்.

நேர்கோடு:
வளைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உப்பைக் கூட்டுவானேன்? pH-ஐ 4.7-க்குக் கொண்டுபோனால் அல்புமினின் நிகரச் சுமையே சுழி. பிழையின் வேரே போய்விடும்.

பழைய கண்ணாடிக்குழாய்:
வேர் போகும், சரி. ஆனால் சுமை இல்லாத புரதங்கள் ஒன்றையொன்று விலக்காது, ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். இரண்டு ஒட்டினால் துகள் ஒன்று, M கூடுதலாக வரும். கரைசல் கலங்கினால் கண்ணுக்குத் தெரியும். ஜோடி சேர்ந்தால் தெரியாது.

நேர்கோடு:
இவ்வளவு நீர்த்த கரைசலில் அது எவ்வளவு நடக்கும்? இரண்டு pH-இலும் அளந்து பார்க்காமல் ஒதுக்க மாட்டேன்.

காவேரிக்கரை:
0.1 மோலாரில் செய்துவிட்டேன். 10 கிராமுக்கு 4.1 செ.மீ., 5 கிராமுக்கு 2.0. கோடு நீட்டினால் 65,000. pH 4.7-க்கு அசிட்டேட் தயார் செய்கிறேன்.

ஜெல்காரன்:
2.0 செ.மீ.-இல் உங்கள் கண் அரை மில்லிமீட்டர் தவறினால் 2.5 சதவீதம் போச்சு. கோடு நீட்டும்போது அது இன்னும் பெருகும். 65,000 என்று எழுதாதீர்கள், கூடவே எத்தனை ஆயிரம் முன்பின் என்றும் எழுதுங்கள்.