புதுப்பிப்பு: டீம்ஸ் வருகை அறிக்கையில் விடுபட்ட அரை மணி நேரம்

என் டீம்ஸ் இணைய வகுப்பைப் பற்றி முன்பு இங்கே இப்படிக் கேட்டிருந்தேன்: “ஒரு மாணவி 9:58-க்கு வந்து 11:00-க்கு வெளியேறியிருக்கிறாள். அறிக்கை 31 நிமிடம் என்கிறது. எது சரி?”

31 நிமிடம்தான் சரி. First Join, Last Leave இரண்டையும் கழித்தாலே போதும் என்று ஒருவர் சொல்லியிருந்தார். இடையில் இணைப்பு அறுபடாதவர்களுக்கு மட்டுமே அந்தக் கணக்கு பொருந்தும்.

கணினி ஆய்வக சார் சொன்னபடி, காலண்டரில் அந்த வகுப்பைத் திறந்து Attendance பகுதியில் Download கொடுத்தேன். கோப்பின் அடியில் In-Meeting Activities என்று தனிப் பட்டியல் இருக்கிறது; மேலே உள்ள சுருக்கத்தோடு நான் நின்றுவிட்டிருந்தேன். அங்கே அவளுக்கு இரண்டு வரிகள்: 9:58–10:12, அப்புறம் 10:43–11:00. 14-ம் 17-ம் சேர்ந்து 31. இடைப்பட்ட நேரத்தில் மின்சாரம் போனது என்றாள். வராதவள் என்று குறிக்காமல் நடுப்பகுதிப் பாடத்தை மறுபடி நடத்தினேன்.

தன் வகுப்பில் ஒரே பையன் இரண்டு பெயரில் வருவதாக ஓர் அக்கா கேட்டிருந்தார். அவன் கைபேசியில் உள்நுழையாமல் விருந்தினராகவும் சேர்ந்திருக்கலாம். இரண்டு வரிகளின் நேரமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் கூட்டிவிடாதீர்கள், அக்கா. விருந்தினர் வரியில் மின்னஞ்சல் இல்லாதபோது அது அவன்தான் என்று எப்படி உறுதிசெய்வது? எனக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.