கலைச்சொல்: இரண்டு படவில்லைகளும் சேர்ந்து தெரியும் நேரத்துக்கு என்ன பெயர்?

வளர்மதி:

அனைவருக்கும் வணக்கம். கல்லூரி ஆசிரியர்களுக்காக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். படவில்லைகளையும் எழுதிவைத்த உரையையும் கொண்டு ffmpeg என்ற மென்பொருள் வழியாக விரிவுரைக் காணொளி தயாரிப்பது எப்படி என்பதுதான் பொருள். ஒவ்வொரு படவில்லையும் ஒரு படக்கோப்பு. அதற்குரிய பத்தியைப் படித்துப் பதிவு செய்தால் ஓர் ஒலிக்கோப்பு. ஒன்று மங்க மற்றொன்று துலங்கும் வேலையை xfade என்ற வடிப்பான் செய்கிறது. அதற்கு ‘நிலைமாற்றம்’ என்றே எழுதியிருக்கிறேன்.

எனக்கு வேண்டியது வேறு. மாற்றம் நடக்கும் அந்த ஒரு நொடியில் பழைய படவில்லையும் புதியதும் சேர்ந்தே திரையில் இருக்கின்றன. அந்தக் கால அளவுக்கு ஒரு பெயர் வேண்டும். ‘மேற்பொருந்து நேரம்’ நீளமாக இருக்கிறது. ‘சந்திநேரம்’ என்று உடன் பணிபுரியும் ஒருவர் சொன்னார்.

கூடவே ஓர் ஐயம். மாதிரிக்கு நான்கு படவில்லைகளை எடுத்துக்கொண்டேன். உரைகள் முறையே 18, 25, 31, 22 நொடிகள். படவில்லைகளுக்கும் அதே அளவு கொடுத்து, ஒரு நொடி மாற்றத்துடன் சேர்த்தேன். கடைசிப் படவில்லை குரலுக்கு முன்பே வந்துவிடுகிறது. ஏன்?

இளங்கோ:

இது ஒலிக் குறியாக்கத்தால் வருவது. ஏ.ஏ.சி. ஒலி 1024 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக எழுதப்படுகிறது. நொடிக்கு 48,000 மாதிரிகள் என்றால் ஒரு துண்டு ஏறத்தாழ 21 மில்லிநொடி. உரையின் நீளம் துண்டுகளின் எல்லையில் போய் முடிவதில்லை. ஒவ்வொரு பகுதியையும் தனித்தனிக் காணொளியாக்கி ஒட்டினால் ஒவ்வோர் ஒட்டிலும் சிறு மிச்சம் சேரும். ஒலிகளை wav ஆகவே வரிசையாக ஒட்டி, முடிவில் ஒரே ஒருமுறை குறியாக்கம் செய்யுங்கள். சரியாகிவிடும்.

பெயருக்கு என் பரிந்துரை ‘கவிவு’. ஒன்றின்மேல் ஒன்று கவிகிறது. மூன்றே எழுத்து.

தெய்வானை:

நான் இசை ஆசிரியை. தாளப் பாடங்களை இப்படித்தான் காணொளியாக்குகிறேன். நீங்கள் கேட்பதற்கு எங்களிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது: எடுப்பு. தாளத்தின் தொடக்கத்திலேயே பாட்டு தொடங்கினால் சம எடுப்பு. தாளம் தொடங்கிய பின் பாட்டு வந்தால் அனாகதம். பாட்டு முந்திக்கொண்டால் அதீதம். படவில்லையைத் தாளமாகவும் குரலைப் பாட்டாகவும் எண்ணிப்பாருங்கள். சுர வரிசை திரையில் முழுதாக நின்ற பிறகுதான் நான் பாடத் தொடங்குவேன். மாணவர் கண் முதல் சுரத்தைத் தேடிப் பிடிக்க ஒரு மூச்சு நேரமாவது வேண்டும்.

முத்துக்குமரன்:

வளர்மதி, இளங்கோ சொன்ன ஒலி முறை நல்ல முறை. அதைக் கையேட்டில் சேருங்கள். ஆனால் உங்கள் காணொளியில் நடந்தது அது அல்ல. நான்கு துண்டுகளில் மில்லிநொடிக் கணக்கில் சேரும் மிச்சம் கண்ணுக்குத் தெரியாது. உங்கள் கணக்கைப் போட்டுப்பார்த்தேன்.

ஒலியின் மொத்த நீளம் 96 நொடி. குரல்கள் 0, 18, 43, 74 ஆகிய இடங்களில் தொடங்குகின்றன. படத்துக்கு வாருங்கள். முதல் மாற்றம் 17இல் தொடங்கி 18இல் முடிகிறது; இரண்டாம் குரலும் 18இல் வருகிறது. இங்கே எதுவும் தவறாகத் தெரியாது, அதனால்தான் பலர் முதல் மாற்றத்தைப் பார்த்துவிட்டு நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். அடுத்த மாற்றம் 41இல் தொடங்கி 42இல் முடிகிறது; குரல் 43இல்தான் வருகிறது. மூன்றாவது 72இல் முடிகிறது, குரல் 74இல். படம் 93இல் தீர்ந்துவிடுகிறது, குரல் 96 வரை போகிறது. ஒவ்வொரு மாற்றமும் ஒரு நொடியை விழுங்குகிறது. நாற்பது படவில்லை உள்ள விரிவுரையில் கடைசியில் 39 நொடி போய்விடும்.

அந்த நொடி இரண்டு படவில்லைகளுக்கும் பொது. இரண்டின் நீளத்திலும் அதைச் சேர்த்து எண்ணியிருக்கிறீர்கள், காணொளியிலோ அது ஒருமுறைதான் ஓடுகிறது. ஆகவே கடைசியைத் தவிர ஒவ்வொரு படவில்லையையும் ஒரு நொடி கூடுதலாக நிறுத்துங்கள்: 19, 26, 32, 22. மாற்றங்கள் 18, 43, 74இல், குரல் தொடங்கும் அதே கணத்தில் தொடங்கும். முதல் இரண்டுக்கு மட்டும் கட்டளை:

```
ffmpeg -loop 1 -t 19 -i 1.png -loop 1 -t 25 -i 2.png -i voice.wav \
 -filter_complex "[0][1]xfade=transition=fade:duration=1:offset=18,format=yuv420p[v]" \
 -map "[v]" -map 2:a out.mp4
```

இங்கே இரண்டாவதே கடைசி, எனவே 25. மொத்தம் 43. இரண்டு படங்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் xfade மறுத்துவிடும்.

பெயரைப் பற்றி: இந்த நொடியை ஒருமுறைதான் எண்ண வேண்டும் என்பதைப் பெயரே சொல்ல வேண்டும். ‘கவிவு’ கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறது, கணக்கைச் சொல்லவில்லை. ‘பகிர்நேரம்’ என்று வைக்கலாம். பகிர்ந்துகொண்ட ஒன்றை இரண்டாக எண்ணக் கூடாது என்பது எவருக்கும் புரியும்.

தெய்வானை அம்மா சொன்னது வேறோர் அளவு, ஆனால் அதற்கும் பெயர் இல்லை. மேலே உள்ள திருத்தத்தில், படம் இன்னும் மங்கலாக இருக்கும்போதே முதல் சொல் ஒலித்துவிடும். அவர் கேட்பதுபோல் முழுப்படம் நின்ற பின் குரல் வர வேண்டுமானால், இரண்டாம் உரையிலிருந்து ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு நொடி மௌனம் சேர்க்க வேண்டும். அப்போது ஒலி 18, 26, 32, 23. படம் 19, 27, 33, 23. மாற்றங்கள் 18, 44, 76இல் தொடங்கும். குரல்கள் 19, 45, 77இல் எழும். மொத்தம் 99.

யோகராணி (யாழ்ப்பாணம்):

‘சந்திநேரம்’ வேண்டாம். எங்கள் மாணவர்களுக்குச் சந்தி என்றால் தெருச்சந்தி.

என் சிக்கல் வேறு. ஒரு பத்தியைத் திருத்தித் திரும்பப் பதிவு செய்தால் பின்னால் உள்ள எல்லா எண்களும் மாறிவிடுகின்றன. படத்தை நீட்டுவதை விட, குரல்களையும் ஒரு நொடி ஒன்றோடொன்று கலந்துவிட்டால் என்ன? acrossfade என்று ஒன்று இருக்கிறதே.

முத்துக்குமரன்:

இசைக்குச் செய்யலாம், உரைக்குக் கூடாது. முந்தைய பத்தியின் கடைசிச் சொல்லும் அடுத்ததன் முதல் சொல்லும் ஒன்றன்மேல் ஒன்று ஒலிக்கும். தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. அதை மங்கவிட்டால் வாக்கியமே போய்விடும். எண்களைக் கையால் எழுதாமல் ஒவ்வோர் ஒலிக்கோப்பையும் அளந்து சிறு நிரல் கணக்கிடட்டும்:

```
ffprobe -v error -show_entries format=duration -of csv=p=0 2.wav
```

பழுதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: தொடக்கத்திலும் நடுவிலும் இறுதியிலும் பாருங்கள். பிசகு போகப்போக வளர்ந்தால் பகிர்நேரக் கணக்கு தவறு. எங்கும் ஒரே அளவாக இருந்தால் குரலுக்கு முன் உள்ள மௌனம்தான் காரணம்.

இளங்கோ:

கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். பெயரில் இன்னும் கவிவின் பக்கம்தான். இடைமுகப் பொத்தானில் ‘கவிவு: 1.0’ என்று எழுத இடம் போதும். கணக்கை விளக்கக் குறிப்பு இருக்கிறதே.

தெய்வானை:

அப்படியானால் குரலுக்கு முன் உள்ள மௌனத்துக்கு ‘எடுப்பு’ என்று வையுங்கள். ஆனால் ஒன்று: இசையில் எடுப்பு என்பது பாட்டு தொடங்கும் இடம், மௌனத்தின் நீளம் அல்ல. ‘எடுப்பு 1 நொடி’ என்றால் எங்கள் காதுக்கு நெருடும்.

வளர்மதி:

கையேட்டில் ‘பகிர்நேரம்’ என்று எழுதிவிடுகிறேன். பொத்தான் வைக்கும் நாள் வந்தால் இளங்கோவின் சொல்லை மீண்டும் பேசலாம். நான்கு படவில்லைகளையும் புதிய அளவில் ஓட்டினேன், இறுதிவரை பொருந்துகிறது. மௌனத்துக்கு ‘எடுப்பு மௌனம்’ என்றால் தெய்வானை அம்மாவுக்கு நெருடல் நீங்குமா?