அப்பாவுக்கு வந்த ஆங்கில வரிக் கடிதம்: எதற்கு, எந்தத் திகதிக்குள் பதில் எழுத வேண்டும்?

மல்லாவி_மகள்

வணக்கம். அப்பா மல்லாவியில் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அறுவடை நேரம் வவுனியா மில்காரர் ஒருவருக்கு நெல்லும் வாங்கிக் கொடுப்பார். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திலிருந்து ஐந்து பக்கக் கடிதம் வந்திருக்கிறது, எல்லாம் ஆங்கிலம். கடிதத்தின் திகதி 2026 ஜனவரி 12. எங்கள் கைக்கு வந்தது 27ஆம் திகதி.

எனக்கு விளங்கிய அளவு இதுதான். முதல் பக்கத்தில் 2023/24 மதிப்பீட்டு ஆண்டுக்கு அப்பா வரி விபரத்திரட்டு அனுப்பவில்லை, அதனால் கிடைத்த தகவல்களை வைத்து வருமானம் 40 இலட்சம் என்று தீர்மானித்திருக்கிறோம் என்கிறார்கள். வரி 558,000 ரூபா. அதை பெப்ரவரி 13க்கு முன் கட்ட வேண்டும். இரண்டாம் பக்கம் முழுக்கச் சட்டப் பிரிவுகள். நாலாம் பக்கத்தில் வங்கிக்கூற்று, கொள்வனவு விற்பனைப் பதிவுகளைப் பெப்ரவரி 16க்குள் தரச் சொல்லியிருக்கிறது. கடைசிப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் 30 நாள் என்று ஏதோ இருக்கிறது.

அப்பாவுக்குத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். எதை முதலில் போடுவது? அவர் 558,000 என்ற இலக்கத்தைப் பார்த்ததிலிருந்து சாப்பிடவே இல்லை.

குளத்தடி சிவா

தங்கச்சி, பயப்பட வேண்டாம். 30 நாள் என்பது கையில் கிடைத்த நாளிலிருந்துதான். 27ஆம் திகதி வந்தால் பெப்ரவரி 26 வரை நேரம் இருக்கு. வங்கிக்கூற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர்களே பார்த்துத் திருத்துவார்கள். வேறொன்றும் எழுதத் தேவையில்லை. வருமானம் குறைவென்றால் வரியும் இல்லைத்தானே.

ஓய்வு_கணக்காளர்

சிவா சொல்வதில் பாதி சரி, மற்றப் பாதி பிள்ளையின் அப்பாவை மாட்டிவிடும்.

மகள், உங்கள் கையில் இருப்பது ஒரே உறைக்குள் வந்த இரண்டு கடிதங்கள். முதல் மூன்று பக்கமும் கடைசிப் பக்கமும் மதிப்பீட்டு அறிவித்தல். நாலாம் பக்கம் தகவல் கேட்கும் கடிதம். நாலாம் பக்கத்தில் கையெழுத்து வைத்த மதிப்பாளருக்குத்தான் வங்கிக்கூற்றும் பதிவுகளும் போக வேண்டும். மதிப்பீட்டை ஏற்கவில்லை என்றால் ஆணையாளர் நாயகத்துக்குத் தனியாக எழுத்தில் நிர்வாக மீளாய்வு கேட்க வேண்டும். எந்தக் காரணத்துக்காக ஏற்கவில்லை என்பதையும் அதில் விபரமாகச் சொல்ல வேண்டும். கூற்றை மட்டும் கொடுத்துவிட்டு மீளாய்வு கேட்காமல் 30 நாள் போனால், அந்த 558,000 அப்படியே நிற்கும். இந்தப் பிழையை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

30 நாளை எங்கிருந்து எண்ணுவது? 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம், அறிவிக்கப்பட்டதிலிருந்து என்கிறது. தபாலில் பிந்தி வந்ததைப் பிறகு வாதாடலாம், ஆனால் வாதாடும் நிலைக்கு ஏன் போக வேண்டும்? கடிதத் திகதியிலிருந்து எண்ணுங்கள்: பெப்ரவரி 11. அதற்கு முன் பதிவுத்தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வையுங்கள். உறையைக் கிழித்துப் போடாதீர்கள், தபால் முத்திரை தேவைப்படலாம்.

ஆகவே அப்பாவின் பக்கத்தில் முதல் வரி 558,000 அல்ல. இப்படி எழுதுங்கள்:

“2023/24க்கு விபரத்திரட்டு அனுப்பாததால் அவர்கள் ஊகித்துப் போட்ட தொகை இது. ஏற்கவில்லை என்றால் காரணத்தோடு மீளாய்வுக் கடிதம், பெப்ரவரி 11க்குள், ஆணையாளர் நாயகத்துக்கு. வரி கட்டச் சொன்ன திகதி பெப்ரவரி 13. வங்கிக்கூற்றும் பதிவுகளும் பெப்ரவரி 16க்குள், கையெழுத்திட்ட அதிகாரிக்கு.”

இரண்டாம் பக்கத்துச் சட்டப் பிரிவுகளை அவருக்குச் சொல்லவே தேவையில்லை. திகதியும், கேட்ட பொருளும், யாருக்கு என்பதும் போதும்.

ஒன்று கேட்கிறேன்: மில்காரரின் காசு அப்பாவின் கணக்கிலா வந்தது?

மல்லாவி_மகள்

ஓம் ஐயா. அந்த வருடம் 1 கோடி 84 இலட்சம் வந்திருக்கிறது. எல்லாம் விவசாயிகளுக்குக் கொடுத்த காசு. 160 தொன் நெல், சராசரியாகக் கிலோ 115 ரூபா. அப்பாவுக்குக் கிலோவுக்கு 2 ரூபா தரகு, அதை மில்காரர் தனியாகக் கையில் கொடுத்தார். கடை இலாபம் ஆறு இலட்சம் அளவில் வரும்.

ஓய்வு_கணக்காளர்

அப்படியென்றால் உங்கள் காரணம் இதுதான். கணக்குப் பாருங்கள்: 160,000 கிலோவை 115ஆல் பெருக்கினால் 1 கோடி 84 இலட்சம், வந்த காசும் அதே. அது வருமானம் அல்ல, கைமாறிப் போன காசு. வருமானம் தரகு 320,000, கடை 600,000, மொத்தம் 920,000. அந்த ஆண்டு தனிநபருக்கான விடுவிப்பு 12 இலட்சம். வரி எதுவும் இல்லை.

அவர்களின் கணக்கும் கணக்காகச் சரிதான். 40 இலட்சத்தில் 12 இலட்சம் கழித்தால் 28 இலட்சம். முதல் ஐந்து இலட்சத்துக்கு 6 வீதம், பிறகு ஒவ்வொரு ஐந்து இலட்சத்துக்கும் 12, 18, 24, 30, மிச்ச மூன்று இலட்சத்துக்கு 36. கூட்டினால் 558,000. எனவே வரிவீதத்தோடு சண்டை இல்லை, அந்த 40 இலட்சம்தான் பிழை. மீளாய்வுக் கடிதம் அதைத்தான் பேச வேண்டும், “தொகை கூடிவிட்டது, மனிதாபிமானமாகப் பாருங்கள்” என்று எழுதக்கூடாது. நிரப்பிய விபரத்திரட்டையும், மில்காரரின் எழுத்துறுதியையும், நெல் கொடுத்தவர்களின் சிட்டைகளையும் இணையுங்கள்.

கனகாம்பிகை_ஆசிரியை

எனக்கும் இதே பிரச்சினை! என் நிலையான வைப்பு வட்டியில் வங்கி 5 வீதம் வெட்டியது. டின் இலக்கம் எடுத்தால் திருப்பித் தருவார்களா? இந்தப் பிள்ளை மாதிரி நானும் கடிதம் எழுத வேண்டுமா?

ஓய்வு_கணக்காளர்

அக்கா, உங்களுக்கு மதிப்பீட்டு அறிவித்தல் எதுவும் வரவில்லையே. உங்களுடையது முற்கூட்டிக் கழித்த வரி. விபரத்திரட்டு போட்டு மீளப் பெறும் விடயம் அது. தனி இழை போடுங்கள், இங்கே கலந்தால் இந்தப் பிள்ளை குழம்பிவிடும்.

குளத்தடி சிவா

சரி அண்ணை, இரண்டு கடிதம் என்பதை நான் கவனிக்கவில்லை. ஆனால் தமிழில் எழுதலாமா? வடக்கில் நிர்வாக மொழி தமிழ்தானே, தமிழ்ப் பிரதி கேட்டுவிட்டு, வந்த பிறகு பதில் போடலாமே?

ஓய்வு_கணக்காளர்

தமிழில் தாராளமாக எழுதலாம், தமிழ்ப் பிரதியும் கேட்கலாம். ஆனால் கேட்டதால் நாள் நிற்காது. பிரதி வரும் வரை காத்திருப்பதுதான் ஆபத்து. மீளாய்வுக் காலத்தை நோய், வெளிநாட்டில் இருத்தல் போன்ற நியாயமான காரணம் இருந்தால் நீடிக்கலாம், ஆங்கிலம் விளங்கவில்லை என்பதை அவர்கள் ஏற்பார்கள் என்று நம்பி இருக்காதீர்கள். நாலாம் பக்கத்துக்கு மட்டும், 16ஆம் திகதிக்கு முன்பே எழுதி இன்னும் கொஞ்ச நாள் கேட்கலாம். அது மதிப்பாளரின் கையில் இருப்பது.

மல்லாவி_மகள்

மில்காரர் எழுத்தில் தரத் தயங்குகிறார் ஐயா. தன் பெயர் வரக்கூடாதாம்.

ஓய்வு_கணக்காளர்

எதிர்பார்த்ததுதான். அவரின் கணக்கிலிருந்து உங்கள் அப்பாவின் கணக்குக்கு மாற்றிய காசு என்றால் வங்கிக்கூற்றிலேயே பெயர் இருக்கும், அதை மறைக்கவே முடியாது என்று அவரிடம் சொல்லுங்கள். பணமாக வைப்பிலிட்டிருந்தால் நிலைமை கஷ்டம். அப்போது நெல்லுச் சிட்டைகள் மட்டுமே உங்கள் துணை. கணக்கிலிருந்து எடுத்த நாளும் சிட்டை நாளும் ஒத்துப்போகிறதா என்று இன்றே பாருங்கள்.

மல்லாவி_மகள்

பாதி மாற்றல், பாதி பணம். சிட்டைக் கட்டு ஒன்று கடைக்குள் இருக்கிறது, தேடுகிறோம். வரி இல்லை என்று தீர்ந்தாலும், விபரத்திரட்டை 2024 நவம்பர் 30க்குள் அனுப்பாததற்கு அபராதம் வருமா?

ஓய்வு_கணக்காளர்

வரலாம், வரி பூச்சியமாக இருந்தாலும். அது இந்த 558,000இலிருந்து தனி விடயம், தனி அறிவித்தலாக வரும். அதைக் குறைக்கச் சொல்லி எழுதலாம், கிடைக்குமா என்பது அதிகாரியைப் பொறுத்தது. பெப்ரவரி 13 பற்றியும் ஒரு சொல்: மீளாய்வு கேட்டதாலேயே கட்டவேண்டிய கடமை தானாக நின்றுவிடாது, கடைசியில் நிலைக்கும் தொகைக்கு வட்டியும் ஏறும். உங்கள் கணக்கில் வரியே இல்லை என்பதால், மீளாய்வுக் கடிதத்திலேயே அறவீட்டை நிறுத்தி வைக்கும்படியும் கேளுங்கள். 1944க்கு அழைத்து அறிவித்தல் இலக்கத்தைச் சொல்லி, உங்கள் கோப்பு எந்தக் கிளையில் என்று உறுதிப்படுத்துங்கள்.

குளத்தடி சிவா

தங்கச்சி, நாளைக்கு மாங்குளம் போகிறேன். தபாலுக்குக் கொடுக்க ஏதும் இருந்தால் சொல்லுங்கோ.