கொய்யா இலையில கரும்படலம், காப்பர் அடிச்சும் போகல. உதவி

தக்கலைக்காரன்:
கொய்யா இலை மேல எல்லாம் கரி பூசின மாதிரி ஆயிட்டு. கடையில பூஞ்சாணம்னு சொல்லி காப்பர் மருந்து தந்தாங்க, பிரயோஜனம் இல்ல. இலைக்கு அடியில பூச்சியே காணல. வேற எந்த மருந்து அடிக்கணும்? அவசரம்.

மாடிச்செடி:
என் செம்பருத்தியிலயும் இதேதான், மாவுப்பூச்சி. உங்களுக்கும் அதுவாத்தான் இருக்கும். வேப்பெண்ணெய் அடிங்க, சரியாயிரும்.

பழைய_ஆள்:
படம் இல்ல, மரம் எங்க நிக்குதுன்னு இல்ல, "அவசரம்" மட்டும் இருக்கு. மாசத்துக்கு ஒருத்தர் இதையே கேக்கீங்க. பழைய இழையைத் தேடிப் பாத்தா என்ன?

வேர்க்கிளம்பி:
விரலால தேய்ச்சா கருப்பு உரிஞ்சு வருதா? எறும்பு ஏறுதா? மேல என்ன மரம்?

தக்கலைக்காரன்:
தேய்ச்சா வருது, உள்ள இலை பச்சைதான். எறும்பு இல்ல. மேல தென்னை நிக்கு. அதுக்கென்ன?

வேர்க்கிளம்பி:
அதுதான் காரியம். தென்னோலைக்கு அடியில வெள்ளை மெழுகு சுருள் சுருளா இருக்கான்னு பாருங்க. சுருள் வெள்ளை ஈ அங்க சாறு உறிஞ்சிட்டுக் கழிக்கிற தேன் மாதிரி கசிவு கீழ கொய்யா மேல சொட்டும். அந்த இனிப்புலதான் கரும்பூசணம் வளருது, இலைக்குள்ள இறங்காது. கசிவு நிக்காம எதை அடிச்சாலும் திரும்பக் கறுக்கும்.

எட்டுற தாழ்ந்த ஓலையின் அடிப்பக்கம் தண்ணிய வேகமாப் பீச்சுங்க. மஞ்சள் ஷீட்ல விளக்கெண்ணெய் தடவி ஆள் உயரத்துல கட்டுங்க. தோட்டம்னா ஏக்கருக்கு 8, 5 அடிக்கு 1 அடி அளவுல.

கசிவு குறைஞ்சபிறகு கொய்யாவுக்கு மைதா. 10 லிட்டருக்கு 250 கிராம். முதல்ல பச்சைத்தண்ணியில கட்டியில்லாம கரைச்சு, கொதிக்க வச்சு, ஆறினதும் துணியில வடிகட்டி மிச்சத் தண்ணி சேருங்க. வடிகட்டாட்டா நாசில் அடைச்சுக்கும். நல்லா வெயில் அடிக்கிற நாள் பாத்துத் தெளிங்க. காஞ்சு படலத்தோட உரிஞ்சு விழும். மழை வந்தா மாவு வீண்.

கருங்கல்_விவசாயி:
இதெல்லாம் சுத்தி வளைக்கிறது. தென்னைக்கு வேர்ல இமிடாகுளோபிரிட் கட்டினா ஈ தீரும்.

வேர்க்கிளம்பி:
ஈக்குஞ்சுக்குள்ள வளர்ந்து அதைத் தின்னுற என்கார்சியா குளவியும் சேர்ந்து தீரும். முதல்ல ஓலையில ஈயோட குஞ்சைப் பாருங்க. மஞ்சள் கலந்த வெள்ளையா இருந்தா உயிரோட இருக்கு. கறுத்து, உருண்டையா ஒரு சின்ன ஓட்டை இருந்தா குளவி வெளிய வந்த அடையாளம். கறுத்ததுதான் அதிகம்னா ஒண்ணும் அடிக்காதீங்க.

கருங்கல்_விவசாயி:
தண்ணி பீச்சினா மட்டும் குளவி இருக்க குஞ்சு விழாதா?

வேர்க்கிளம்பி:
விழும். அதுக்குத்தான் கறுத்தது அதிகம் இருக்க ஓலைய விட்டுருங்கன்னு சொல்றது.

பழைய_ஆள்:
அந்த உயரத்துல நின்னு குஞ்சு நிறம் யாரு பாக்கப்போறா?

வேர்க்கிளம்பி:
தாழ்ந்த ஓலைய ஒண்ணு வெட்டிப் போட்டுப் பாக்கலாம். மாடிச்செடி, வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி. சோப்பைத் தண்ணியில கரைச்ச பிறகு ஊத்தணும். இல்லாட்டா எண்ணெய் மேல மிதந்து, டேங்க்ல கடைசியா மிஞ்சுற தண்ணியில இலை பொசுங்கும்.

தக்கலைக்காரன்:
ஓலை வெட்டிப் பாத்தேன். சுருள் நிறைய, குஞ்சு பாதி கறுப்பு பாதி வெள்ளை. இப்ப பீச்சணுமா, விடணுமா?