அம்மாவைப் பார்த்துக்கொண்ட மூன்று வருடம்: புரொஃபைலில் என்ன எழுதினேன்

கணக்குப்பிள்ளை:
அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததும் 2019 ஜூனில் வேலையை விட்டேன். திரும்பத் தேட ஆரம்பித்தது 2022 செப்டம்பரில். புரொஃபைல் அறிமுகத்தில் முதலில் இப்படி எழுதியிருந்தேன்: "தவிர்க்க முடியாத குடும்பச் சூழ்நிலையால் வேலையை விட நேர்ந்தது. ஆனாலும் துறையோடு தொடர்பை விடவில்லை."

ஒரு நேர்காணலில் பாதி நேரம் இதிலேயே போனது. "என்ன சூழ்நிலை? மறுபடி வருமா?" வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. 'தவிர்க்க முடியாத', 'நேர்ந்தது', 'ஆனாலும்'... யாரும் குற்றம் சாட்டுவதற்கு முன்பே நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதை எடுத்துவிட்டு, அனுபவப் பட்டியலில் மற்ற வேலைகளோடு வரிசையாக வைத்தேன்: "குடும்பப் பராமரிப்பு, ஜூன் 2019 – செப்டம்பர் 2022. அம்மாவை முழுநேரமும் கவனித்துக்கொண்டேன். கடைசி ஆறு மாதம் ஒரு சிறு நிறுவனத்துக்கு மாதக் கணக்கு முடித்துக் கொடுத்தேன். இப்போது முழுநேர வேலைக்கு வர முடியும்." அடுத்த நேர்காணலில் இதைப் பற்றி ஒரே ஒரு கேள்வி. உடனே கணக்கு மென்பொருளுக்குப் போய்விட்டார்கள்.

இரவுப்பறவை:
இவ்வளவு எதுக்கு? மாசத்தை எடுத்துட்டு வருஷம் மட்டும் போடுங்க, இடைவெளியே தெரியாது. நான் அப்படித்தான் வெச்சிருக்கேன்.

ஆளெடுப்பவள்:
நாலஞ்சு மாச இடைவெளின்னா சரி. மூணு வருஷம் அதுல மறையாது. படிவத்துல மாசமும் கேப்பாங்க; பழைய கம்பெனி சொல்ற தேதி ஒத்துப்போகலைன்னா, இடைவெளியை விட்டுட்டு 'ஏன் மறைச்சாங்க'ன்னுதான் பேசுவாங்க. LinkedIn-ல 2022-லிருந்து Career break-னு தனிப் பதிவே இருக்கு, அதுல Caregiving ஒரு வகை.

நான் பார்க்கிறது ரெண்டே: எப்போலேருந்து எப்போ வரை, இப்போ வர முடியுமா. நோய் விவரம் வேண்டாம், அது உங்க அம்மாவோட விஷயம். சிலர் 'வீட்டு நிர்வாக இயக்குநர்'னு பதவி போட்டுக்கறாங்க. தயவுசெஞ்சு வேண்டாம், அதைவிட வெறும் இடைவெளியே மேல்.

புதுவரவு:
எனக்கு ஆட்குறைப்புல வேலை போய் எட்டு மாசம். நானும் பராமரிப்புன்னே போட்டுடலாமா?

ஆளெடுப்பவள்:
நடந்ததையே போடுங்க. ஆட்குறைப்பு யாருக்கும் புதுசு இல்ல.

மழைக்காலம்:
அப்பா இன்னும் என் கவனிப்பில்தான் இருக்கிறார். 'இப்போது வர முடியும்' என்று என்னால் முழுசாக எழுத முடியாது. "வாரம் 25 மணி நேரம், வீட்டிலிருந்து" என்று போட்டேன். அழைப்புகள் குறைந்துவிட்டன. எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
எடுத்தால் முதல் அழைப்பிலேயே சொல்ல வேண்டிவருமே?

மழைக்காலம்:
சொல்லிவிடுவேன். ஆனால் அதற்குள் நான் வேலை செய்த விதத்தைப் பற்றி இரண்டு நிமிடமாவது பேசியிருப்பேன்.

ஆளெடுப்பவள்:
நானா இருந்தா அந்த வரி இருந்தாலும் கூப்பிடுவேன். எனக்கு மேல இருக்கிற மேனேஜர் கூப்பிடுவாரான்னு கேட்டா, தெரியல.